எட்டு வீட்டில் குறைந்தது, இரண்டில் கூடியது: குறியை மட்டும் எண்ணினால் போதுமா?

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் குடியிருப்பவர்களுக்கு கீசர் கதை தெரிந்ததுதான். ப்ரீபெய்ட் மீட்டரில் காசு போட்டால் அதில் பெரிய பங்கை வெந்நீர்தான் குடிக்கும். எங்கள் தெருவில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், இந்தப் பக்கத்தில் அவர் கை வைக்காத கீசர் குறைவு. பதினொரு வீட்டில் கீசருக்குப் போர்வை சுற்றி, டைமர் மாட்டி, மாட்டுவதற்கு முன்னால் வாரத்துக்கு எத்தனை யூனிட் ஓடியது, மாட்டிய பிறகு எத்தனை ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, எட்டு வீட்ல குறைஞ்சிருக்கு. ரெண்டு வீட்லதான் கூடியிருக்கு. இது வேலை செய்யுதுன்னு சொல்ல இதுக்கு மேல என்ன கணக்கு வேணும்?"

நியாயமான கேள்விதான். அவர் தாளில் இருந்த எண்களை அப்படியே இங்கே போடவில்லை. அண்டை வீட்டு மீட்டரை ஊருக்குச் சொல்வது சரியில்லை, கையால் கணக்குப் போடவும் வசதியாக இருக்கட்டும் என்று மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மட்டும் அதேதான்.

| வீடு | முன் | பின் | குறைந்தது |
|---|---|---|---|
| 1 | 92 | 74 | 18 |
| 2 | 110 | 83 | 27 |
| 3 | 68 | 70 | −2 |
| 4 | 85 | 76 | 9 |
| 5 | 131 | 108 | 23 |
| 6 | 74 | 74 | 0 |
| 7 | 97 | 86 | 11 |
| 8 | 59 | 63 | −4 |
| 9 | 104 | 90 | 14 |
| 10 | 88 | 83 | 5 |
| 11 | 79 | 72 | 7 |

எல்லாம் வாரத்துக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கு. மைனஸ் இருந்தால் செலவு கூடியிருக்கிறது என்று பொருள். எட்டாம் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, அங்கே நான்கு யூனிட் மட்டும் கூடியதே ஆச்சரியம்.

அண்ணன் மனதில் போட்ட கணக்குக்கு ஒரு பெயர் உண்டு, குறிச் சோதனை. சைன் டெஸ்ட் என்றால் இன்னும் பலருக்குப் புரியும். எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு பிளஸ்ஸா மைனஸா என்று மட்டும் எண்ணுவது. புள்ளியியலில் இதைவிடப் பழைய சோதனை ஒன்றைக் காட்டுவது கஷ்டம். 1710இல் லண்டனில் ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர், 82 வருட ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம். ஆணா பெண்ணா என்பது வெறும் நாணயச் சுண்டல் என்றால் 82 முறையும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு எவ்வளவு என்று அவர் கேட்டது அப்படியே குறிச் சோதனைதான்.

நம் தாளுக்கும் அதே கேள்வி. போர்வையும் டைமரும் ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு வீட்டில் யூனிட் கூடுவதும் குறைவதும் நாணயம் விழுவது போல. ஆறாம் வீட்டில் வித்தியாசமே இல்லை, அது எந்தப் பக்கமும் பேசாது என்பதால் ஒதுக்கிவிடுகிறோம். மீதி பத்து வீடு. பத்து நாணயம் சுண்டினால் மொத்தம் 1024 விதமாக விழலாம். அதில் எட்டோ அதற்கு மேலோ ஒரே பக்கம் விழும் விதங்கள், எட்டுக்கு 45, ஒன்பதுக்கு 10, பத்துக்கு 1, ஆக 56. கூடியிருந்தாலும் "மாறியிருக்கிறது" என்றுதானே சொல்லியிருப்போம், ஆகவே மறுபக்கத்தையும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 112. 1024இல் 112 என்பது 0.109, வெறும் தற்செயலிலேயே இந்த அளவு ஒருபக்கமாக விழ உள்ள இந்த வாய்ப்புக்குத்தான் பி-மதிப்பு என்று பெயர். அது 0.05க்குக் கீழே இறங்கினால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று வழக்கமாக எல்லோரும் ஏற்பார்கள், இது அவ்வளவு இறங்கவில்லை.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. ஒன்று மட்டும் சொன்னேன், பத்து வீட்டில் ஒன்பது குறைந்திருந்தால் 0.021 வந்திருக்கும், எட்டு என்றதும் 0.109, நடுவில் நிற்க இடமே இல்லை. சின்ன மாதிரியில் குறிச் சோதனை உயரமான படிகள் உள்ள மாடிப்படி மாதிரி, ஒரு வீடு மாறினால் ஒரு படி முழுவதும் இறங்கிவிடும்.

ஆனால் தாளை இன்னொரு முறை பாருங்கள். கூடிய இரண்டு வீடும் கூடியது 2, 4. குறைந்த வீடுகளில் 18, 23, 27 எல்லாம் இருக்கிறது. இதைப் பார்க்காமல் இருப்பது கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுவது இல்லையா? இந்த இடத்தில்தான் பிராங்க் வில்காக்சன் வருகிறார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். 1945இல் சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரையில் அவர் கொடுத்த வழி இது: அளவுகளை அப்படியே கூட்டவும் வேண்டாம், அடியோடு விட்டுவிடவும் வேண்டாம், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி அந்த வரிசை எண்ணை மட்டும் வைத்துக்கொள்வோம். குறியிட்ட தரவரிசைச் சோதனை என்று நீட்டிச் சொல்லலாம், நான் குறித்தரச் சோதனை என்று சுருக்கிக்கொள்கிறேன்.

கையாலேயே போட்டுவிடலாம். பத்து வித்தியாசங்களிலும் மைனஸை மறந்துவிட்டு வரிசையாக எழுதுங்கள்: 2, 4, 5, 7, 9, 11, 14, 18, 23, 27. இவற்றுக்குத் தரம் 1 முதல் 10 வரை. இப்போது மைனஸைத் திரும்ப ஒட்டுங்கள். மைனஸ் உள்ளவை 2, 4, அவற்றின் தரம் 1, 2. மைனஸ் தரங்களின் கூட்டு 3. எல்லாத் தரங்களின் கூட்டு 55, ஆகவே பிளஸ் பக்கம் 52. ஒன்றும் நடக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 27, 28 என்று இருக்க வேண்டும், இங்கே 3க்கு எதிராக 52.

இது எவ்வளவு அபூர்வம்? இங்கேயும் அதே 1024தான். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு நாணயம் சுண்டி பிளஸ்ஸோ மைனஸோ போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் கூட்டு 3 அல்லது அதற்குக் கீழே வர எத்தனை வழி? எதற்குமே மைனஸ் விழாமல் இருக்கலாம். 1க்கு மட்டும், 2க்கு மட்டும், 3க்கு மட்டும் விழலாம். 1க்கும் 2க்கும் சேர்ந்து விழலாம். அவ்வளவுதான், ஐந்து வழி. மறுபக்கத்துக்கும் சேர்த்துப் பத்து. 1024இல் 10 என்றால் 0.0098. ஒரே தாள், அதே பத்து வீடு, ஒரு சோதனையில் 0.109, இன்னொன்றில் 0.0098.

இதைப் பார்த்ததும் எல்லோரும் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு: குறித்தரச் சோதனைதான் கெட்டிக்காரத்தனமானது, குறிச் சோதனை அதன் ஏழைத் தம்பி. பல பாடப்புத்தகங்களும் அப்படித்தான் எழுதுகின்றன, அளவைப் பயன்படுத்துவதால் இது "வலிமை கூடியது" என்று. பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க எண்ணில் கொஞ்சம் கை வைக்கலாம்.

கூடிய அந்த இரண்டு வீடும் 2, 4 கூடாமல் 20, 25 என்று கூடியிருந்தால்? குறிச் சோதனைக்கு எதுவும் மாறவில்லை, எட்டுக்கு இரண்டு, 0.109. குறித்தரச் சோதனையில் வரிசை 5, 7, 9, 11, 14, 18, 20, 23, 25, 27 என்றாகும், மைனஸ் இரண்டும் 7ஆம் தரத்திலும் 9ஆம் தரத்திலும் போய் உட்காரும். கூட்டு 16. மைனஸ் கூட்டு 16 அல்லது கீழே வர 141 வழி இருக்கிறது, இரட்டிப்பாக்கி 1024ஆல் வகுத்தால் 0.275. இப்போது குறித்தரச் சோதனைதான் அதிகம் தயங்குகிறது. அளவைப் பார்ப்பது எப்போதும் நமக்கு ஆதரவாகத்தான் பேசும் என்று யார் சொன்னது?

நான் ஜோடித்த எண் என்று ஒதுக்க வேண்டாம், புள்ளியியலில் மிகப் பிரபலமான இணைத் தரவு ஒன்றிலேயே இது நடந்திருக்கிறது. சார்லஸ் டார்வின் மக்காச்சோளச் செடிகளை இணை இணையாக வளர்த்தார். ஒவ்வொரு இணையிலும் ஒன்று அயல் மகரந்தத்தால் வந்த விதை, இன்னொன்று தன் மகரந்தத்தால் வந்த விதை. 1876இல் வெளியிட்டார், 1935இல் ரொனால்ட் பிஷர் அதே எண்களைத் தன் நூலில் எடுத்து அலசினார். 15 இணை. உயர வித்தியாசம் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு அளவில் இப்படி: 49, −67, 8, 16, 6, 23, 28, 41, 14, 29, 56, 24, 75, 60, −48.

15இல் 13 இணையில் அயல் மகரந்தச் செடிதான் உயரம். குறிச் சோதனை போட்டால் 0.0074, சந்தேகத்துக்கே இடமில்லாத மாதிரி. குறித்தரச் சோதனை போடுங்கள். தோற்ற இரண்டும் சும்மா தோற்கவில்லை, பலமாகத் தோற்றிருக்கின்றன: 48க்கு 10ஆம் தரம், 67க்கு 14ஆம் தரம். மைனஸ் கூட்டு 24, பி-மதிப்பு 0.041. எளிய சோதனை அடித்துச் சொன்னதை, அளவையும் பார்க்கும் சோதனை கொஞ்சம் மென்று விழுங்கித்தான் சொல்கிறது.

எங்கள் தெரு எண்களும் டார்வின் எண்களும் சேர்ந்து காட்டுவது இதுதான்: இவை ஒரே கேள்விக்கு இரண்டு கருவி இல்லை, கேள்வியே வேறு. குறிச் சோதனை கேட்பது "பாதிக்கு மேற்பட்ட வீட்டில் குறைகிறதா?" என்று. வித்தியாசங்களின் இடைநிலை அளவு பூஜ்யமா என்று கேட்பதும் அதுதான். குறித்தரச் சோதனை கேட்பது "வித்தியாசங்கள் பூஜ்யத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்கின்றனவா?" என்று. இடப்பக்கம் எத்தனை, எவ்வளவு தூரம், வலப்பக்கம் எத்தனை, எவ்வளவு தூரம், இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கிறதா என்று.

இதனால்தான் சமச்சீர் என்ற வார்த்தை இந்தச் சோதனையோடு ஒட்டிக்கொண்டே வரும், பலர் இதை அரைகுறையாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். ஒரு சிலர் "வித்தியாசங்கள் சமச்சீராக இல்லாவிட்டால் குறித்தரச் சோதனை செல்லாது" என்று ஒரேயடியாக அடித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கீசர் போர்வை எந்த வீட்டிலும் எதுவுமே செய்யவில்லை, வேறு எதுவும் மாறவில்லை என்றால், "முன்", "பின்" என்ற இரண்டு பெயர்ப்பலகையை மாற்றி மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. அப்போது வித்தியாசத்தின் குறி தலைகீழாகும், அளவு அப்படியே இருக்கும், சமச்சீர் தானாகவே வந்துவிடும். ஆகவே "எந்த விளைவும் இல்லை" என்ற கருதுகோளை எதிர்த்து மட்டும் பேசுகிறவருக்குச் சமச்சீர் பற்றிய கவலை பெரிதாக இல்லை.

அதைத் தாண்டி "சாதாரண வீட்டில் இத்தனை யூனிட் மிச்சம்" என்று வாயைத் திறந்ததும்தான் சிக்கல். பத்தில் ஆறு வீட்டில் ஒரு யூனிட், இரண்டு யூனிட் கூடி, நான்கு பெரிய வீட்டில் முப்பது, நாற்பது யூனிட் குறைந்திருந்தால் குறித்தரச் சோதனை குறைந்திருக்கிறது என்ற பக்கமே சாயும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீட்டில் கூடியிருக்கிறது. அப்போது "பெரும்பாலான குடும்பத்துக்கு லாபம்" என்று எழுதினால் அது பொய். குறிச் சோதனைக்கு இந்தக் குழப்பமே கிடையாது, ஏனென்றால் அது எண்ணுவதே வீட்டைத்தான்.

நல்ல சாதாரணமான, மணி வடிவத்தில் பரவிய வித்தியாசங்களாக இருந்தால் குறித்தரச் சோதனையின் லாபம் பெரியது என்பதை மறுக்கவில்லை. பெரிய மாதிரியில், குறிச் சோதனைக்கு 100 இணை தேவைப்படும் இடத்தில் குறித்தரத்துக்கு ஏறக்குறைய 67 போதும். அதே நேரம் நடுவில் கூராகக் குவிந்து இரு பக்கமும் நீளமாக வால் விடுகிற பரவலில் கதை மாறிவிடும், குறிச் சோதனை 100 இணையில் செய்வதை குறித்தரம் செய்ய 133 வேண்டும். பத்து எண்ணை வைத்துக்கொண்டு பரவலின் வாலைக் கண்டுபிடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

இன்னொரு இடம், இது பலர் கண்ணில் படுவதே இல்லை. அண்ணன் யூனிட்டில் கழித்தார். 131 யூனிட் ஓடுகிற வீட்டில் 23 குறைவதும் 92 ஓடுகிற வீட்டில் 18 குறைவதும் ஒன்றா? சதவீதத்தில் பார்க்கலாமே என்று தோன்றும், தோன்றவும் வேண்டும். சதவீதத்தில் பார்த்தால் முதல் வீடு கிட்டத்தட்ட 19.6, ஐந்தாம் வீடு 17.6, வரிசை இடம் மாறிவிடுகிறது. கூடிய எட்டாம் வீடு 59இல் 4, அதாவது 6.8 சதவீதம். பத்தாம் வீட்டின் மிச்சம் 88இல் 5, அதாவது 5.7 சதவீதம். யூனிட்டில் 4 என்பது 5க்குக் கீழே இருந்தது, சதவீதத்தில் மேலே ஏறிவிட்டது. மைனஸ் தரங்கள் இப்போது 1, 3, கூட்டு 4, பி-மதிப்பு 0.0137.

இங்கே பெரிய சேதம் இல்லை. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிற தாளில், கழிப்பதா வகுப்பதா என்ற தேர்வே முடிவைப் புரட்டிவிடும். தரவரிசை என்றதும் அளவுகோலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நினைக்கிறோம், அது தவறு. இந்தச் சோதனை தரம் போடுவது மீட்டர் எண்ணுக்கு இல்லை, கழித்து வந்த எண்ணுக்கு. கழித்தல் என்றாலே அளவுகோலில் ஒவ்வொரு யூனிட்டும் சமம் என்று ஏற்றுக்கொண்டாயிற்று. வலியை 1 முதல் 5 வரை சொல்லச் சொல்லிவிட்டு, 5இலிருந்து 3க்கு வந்ததும் 3இலிருந்து 1க்கு வந்ததும் ஒரே "2" என்று தரம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட அளவுகோலுக்கு என் ஓட்டு குறிச் சோதனைக்குத்தான். யூனிட்டோ சதவீதமோ எதில் போட்டாலும் பிளஸ் பிளஸ்தான், மைனஸ் மைனஸ்தான்.

சரி, ஆறாம் வீட்டுக்கு வருவோம், அந்தப் பூஜ்ய வீடு. கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, மின்சாரக் கீசர் பெயருக்குத்தான். அண்ணன் தெரிந்தே அங்கேயும் போர்வை சுற்றியிருக்கிறார், வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டாராம். வில்காக்சன் வழியில் பூஜ்யத்தைத் தூக்கிவிட்டுத்தான் தரம் போடுவோம், மேலே நான் செய்ததும் அதுதான். 1959இல் ஜான் பிராட் வேறு வழி சொன்னார்: பூஜ்யத்தையும் சேர்த்தே தரம் போடு, பிறகு அதை ஒதுக்கு. அப்படிப் போட்டால் பூஜ்யத்துக்கு 1, மைனஸ் வீடுகளுக்கு 2, 3, கூட்டு 5. பி-மதிப்பு 0.0117. வித்தியாசம் துளிதான், பூஜ்யம் ஒன்றே ஒன்று என்பதால். பதினொன்றில் நான்கு பூஜ்யம் என்றால் அதைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு மீதி ஏழை மட்டும் வைத்துப் பேசுவது நேர்மையாகவே இல்லை. "ஒன்றும் நடக்கவில்லை" என்று நான்கு வீடு சொல்கிறதே, அதுவும் ஒரு பதில்தானே.

இரண்டு வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால் தரத்தைப் பங்கு போட வேண்டும். பத்தாம் வீட்டில் 5க்குப் பதில் 4 குறைந்திருந்தால் எட்டாம் வீட்டோடு சமம், 2க்கும் 3க்கும் பதிலாக இருவருக்கும் 2.5. மைனஸ் கூட்டு 3.5, வழிகள் ஐந்துக்குப் பதில் ஆறு, பி-மதிப்பு 0.0117. கையால் எண்ணினால் எளிது. கணினி இங்கே வேறு ஒன்று செய்யும், அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

```
wilcox.test(before, after, paired = TRUE)
binom.test(8, 10)
```

R என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இரண்டே வரி, `before`, `after` என்பவை தாளின் முன், பின் எண்கள். முதல் வரியில் `V = 52` என்று வரும், அது பிளஸ் தரங்களின் கூட்டு. ஆனால் பி-மதிப்பு நாம் எண்ணிய 0.0098 ஆக வராது, பெரும்பாலான பதிப்புகளில் 0.014 என்று காட்டி, கீழே `cannot compute exact p-value with zeroes` என்று ஒரு எச்சரிக்கை போடும். அந்த ஒரு பூஜ்யத்தைப் பார்த்ததுமே அது எண்ணுவதை விட்டுவிட்டு மணி வடிவத் தோராயத்துக்குத் தாவியிருக்கிறது. பத்து எண்ணுக்குத் தோராயம் எதற்கு? பூஜ்ய வீட்டை நீங்களே எடுத்துவிட்டு ஓட்டினால் 0.0098 வந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு `paired = TRUE` போட மறப்பது. அப்போது பதினொரு வீட்டின் "முன்" எண்களையும் பதினொரு வேறு வீட்டின் "பின்" எண்களையும் ஒப்பிடுவது போலக் கணக்குப் போட்டுவிடும். இந்தத் தாளில் அப்படிச் செய்தால் பி-மதிப்பு 0.2க்குப் பக்கம் வருகிறது. வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடு, 59 யூனிட் வீடும் 131 யூனிட் வீடும், மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. கண்டுபிடிக்க எளிய வழி, விடையில் `V` இருக்க வேண்டிய இடத்தில் `W` இருக்கும், தலைப்பில் `signed rank` இருக்க வேண்டிய இடத்தில் `rank sum` இருக்கும். இதில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன், ஒரு மாலை முழுவதும் போனது.

மாதிரி எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று அண்ணன் கேட்டார், அடுத்த தெருவில் ஐந்து வீடு தயாராக இருக்கிறதாம். ஐந்து வீடு என்றால் 32 விதம்தான். ஐந்தும் குறைந்தாலும், எவ்வளவு குறைந்தாலும், இரண்டில் எந்தச் சோதனை போட்டாலும், 32இல் 2, அதாவது 0.0625க்குக் கீழே போகவே முடியாது. ஆறு வீடு என்றால் 64இல் 2, 0.031, அங்கேதான் கதவே திறக்கிறது. ஐந்து வீட்டை வைத்துக்கொண்டு குறித்தரச் சோதனை "காப்பாற்றும்" என்று நினைப்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

உண்மையில் அண்ணனுக்கு பி-மதிப்பைவிட உபயோகமானது எவ்வளவு மிச்சம் என்ற எண். பதினொரு வித்தியாசத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது 9 யூனிட். குறிச் சோதனையைத் திருப்பிப் போட்டு, 0.05 அளவில் அது தள்ளிவிடாத மிச்சங்களை எல்லாம் ஒரு இடைவெளியாக எடுத்தால், வரிசையில் இரண்டாவதும் பத்தாவதும், −2 முதல் 23 வரை. கூடவும் கூடலாம் என்று அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. குறித்தரச் சோதனையைத் திருப்பினால் வித்தியாசங்களை இரண்டிரண்டாக எடுத்துச் சராசரி போட வேண்டும், ஒவ்வொரு எண்ணும் தன்னோடு சேர்வதையும் கணக்கில் எடுத்தால் 66 சராசரி வரும். கீழிருந்து பதினொன்றாவது 2.5, மேலிருந்து பதினொன்றாவது 17. இடைவெளி இப்படிச் சுருங்கியது சும்மா வரவில்லை, வித்தியாசங்கள் நடுப்புள்ளியின் இரு பக்கமும் சமமாகப் பரவியிருக்கின்றன என்று நம்பியதற்குக் கிடைத்த கூலி. நம் எண்கள் −4 முதல் 27 வரை நடுவில் 9ஐ வைத்துக்கொண்டு வலப்பக்கம் சற்று நீண்டிருக்கின்றன, மோசமாக இல்லை. நான் 2.5 முதல் 17 என்பதை ஏற்றுக்கொள்வேன், ஆனால் 17 பக்கத்தை நம்பிக் காசு போட மாட்டேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, தாளை மடிக்கும்போதுதான் ஓரத்தில் எழுதியிருந்த தேதி கண்ணில் பட்டது.

"அண்ணா, முன்னாடி எடுத்த கணக்கு எந்த மாசம்?"

"ஜூலை."

"பின்னாடி?"

"செப்டம்பர். மாட்டி முடிக்கவே ஆகஸ்ட் போயிருச்சே."

ஜூலை இங்கே குளிர்காலம். செப்டம்பரில் குழாயில் வரும் தண்ணீரே அவ்வளவு குளிராக இருக்காது, குளிக்கிற நேரமும் குறையும், ஹீட்டரும் அலமாரிக்குப் போய்விடும். போர்வை சுற்றாமலே எல்லா வீட்டிலும் சில யூனிட் குறைந்திருக்கும். முன், பின் பலகையை மாற்றி மாட்டலாம் என்று மேலே சொன்னேனே, அது இங்கே உடைகிறது. பலகையில் போர்வை மட்டும் இல்லை, பருவமும் எழுதியிருக்கிறது. 0.0098 சொல்வது ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் ஏதோ மாறியது என்று மட்டும்தான். குறிச் சோதனை, குறித்தரச் சோதனை, எதைப் போட்டாலும் இந்த ஓட்டையை அடைக்காது.

அண்ணன் சளைக்கவில்லை. அடுத்த தெருவில் ஐந்து வீட்டை பன்னிரண்டு ஆக்குகிறாராம். எல்லா வீட்டிலும் டைமர் மாட்டிவிடுவது, இரண்டு வாரம் ஓட விடுவது, இரண்டு வாரம் நிறுத்தி வைப்பது, எந்த வீட்டில் எது முதலில் என்று நாணயம் சுண்டி முடிவு செய்வது. போர்வையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட முடியாது, அதனால் சோதனை டைமருக்கு மட்டும். பருவம் மாறினாலும் சில வீட்டில் அது டைமருக்குச் சாதகம், சில வீட்டில் பாதகம், எது எங்கே என்பதை நாணயம்தான் சொல்கிறது. குறித்தரச் சோதனை கற்பனையில் சுண்டிய நாணயத்தை இந்த முறை நிஜமாகவே சுண்டுகிறோம்.

நேற்று மாலை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு ராண்ட் காசைச் சுண்டினோம். குடு மான் விழுந்தால் முதலில் டைமர். பன்னிரண்டில் ஒன்பது முறை மான் விழுந்தது, அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை, பன்னிரண்டு சுண்டலில் ஒரே பக்கம் ஒன்பதோ அதற்கு மேலோ விழ இரண்டு பக்கமும் சேர்த்து 4096இல் 598 வழி, ஏழு முறைக்கு ஒருமுறை நடக்கிற விஷயம்தான் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஏணியை எடுக்கப் போய்விட்டார்.